முள் கீழேயே கிடக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள்

"என் கார் சூடே ஆகாது அண்ணே, மேட்டுல ஏறினாலும் டெம்பரேச்சர் முள் பாதிக்கு வராது, அவ்வளவு நல்ல இன்ஜின்." மலேசியாவில் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதைக் கேட்டதும் கவலைதான் வரும். இன்ஜின் கொதித்தால் எல்லாரும் பயந்துபோய் ஓரம் கட்டி போன் அடிக்கிறார்கள். இன்ஜின் சூட்டைக் காக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டு, சூடு ஏறாமலே ஓடினால் யாரும் வருவதில்லை. அது வருஷக் கணக்கில் பெட்ரோலைத் தின்றுகொண்டு, எண்ணெயைக் கெடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஓடும்.

இங்கே மேலே இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காலையில் குளிர், மழை வந்தால் கண்ணாடி முழுக்கப் பனி மூடும், அதனால் ஹீட்டர் இருக்கிற காரில் அதைப் போடுவோம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் என்பது ஒரு சின்ன ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றி ஓடும் அதே கூலன்ட்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. ஆக, ஹீட்டரில் வருகிற காற்று வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், கூலன்டே சூடாகவில்லையா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். மலையடியில் தாப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த அறிகுறி கிடைக்காது. அங்கே ஹீட்டரை யாரும் போடுவதில்லை, இந்த நாட்டுக்கென்று வருகிற பல சின்ன கார்களில் ஹீட்டரே கிடையாது.

இப்போது ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கும் ஓர் ஐயா கொண்டுவந்தார், ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஹீட்டர் முன்ன மாதிரி இல்ல, கண்ணாடியில பனி போக ரொம்ப நேரம் ஆகுது, பெட்ரோலும் கூடப் போகுது, ஹீட்டர் மோட்டார் போச்சா பாரு." மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது, காற்றும் பலமாக வந்தது. சூடுதான் இல்லை. முள் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். முன்பு நடுவில் நிற்கும், இப்போது கால் பங்குதான், தாப்பாவிலிருந்து ஏறி வரும்போது கொஞ்சம் மேலே போகும், இறங்கும்போது அடியில் போய் உட்காரும் என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சிலேயே பாதி பதில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்தால் ஏற்றமோ இறக்கமோ முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்குள் மெழுகு அடைத்த ஒரு குப்பி இருக்கும். கூலன்ட் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும், சூடு குறைந்தால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். பல கார்களில் இது 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும், சிலவற்றில் 88, எண் அதன் மேலேயே அடித்திருக்கும். அந்தச் சூடு வரும்வரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் போகாது. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால் சாவி போட்ட நொடியிலிருந்து கூலன்ட் ரேடியேட்டரில் சுற்றத் தொடங்கிவிடும், இன்ஜின் போடுகிற சூட்டையெல்லாம் ரேடியேட்டர் வெளியே கொட்டிவிடும். அப்புறம் எவ்வளவு சூடு நிற்கும் என்பது ரோட்டைப் பொறுத்தது. மேட்டில் இன்ஜின் கஷ்டப்பட்டால் ஏறும், இறக்கத்தில் காலை எடுத்தால் விழும்.

ஆனாலும் ஹீட்டர் வெதுவெதுப்பு என்றதும் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிடக் கூடாது. முள்ளையும் ஹீட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முள் சரியான இடத்தில் நின்று ஹீட்டர் மட்டும் சூடு தரவில்லை என்றால் குற்றம் ஹீட்டர் பக்கம்: கோர் என்கிற அந்தச் சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், உள்ளே காற்று மாட்டியிருக்கலாம், சூட்டைத் திருப்பிவிடும் தகடு நகராமல் இருக்கலாம். கோர் அடைத்திருந்தால் அதற்குப் போகும் இரண்டு ஹோஸ்களில் ஒன்று கொதிக்கும், மற்றது ஆறியிருக்கும். கூலன்ட் குறைந்திருந்தாலும் ஹீட்டர்தான் முதலில் சூட்டை இழக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் முன் அளவைப் பார்த்துவிடுங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். மாறாக, முள் கீழே கிடக்கிறது, ஹீட்டரோ நன்றாகச் சுடுகிறது என்றால் வெப்பம் அளக்கும் சென்சார் அல்லது மீட்டர்தான் பொய் சொல்கிறது. முள்ளும் கீழே, ஹீட்டரும் வெதுவெதுப்பு, கூலன்ட் அளவு சரி. மூன்றும் சேர்ந்தால்தான் நான் தெர்மோஸ்டாட் பக்கம் கை வைப்பேன்.

கிராணி ஐயாவின் காரை இரவு பட்டறையிலேயே விடச் சொன்னேன். இதை ஆறிய இன்ஜினில்தான் பார்க்க முடியும். காலையில் கார் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினால் கூலன்ட் 18 டிகிரி. ஸ்டார்ட் செய்து, பெல்ட்டும் விசிறியும் படாதபடி, ரேடியேட்டருக்கு மேலே போகும் ஹோஸில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் அந்த ஹோஸ் நெடுநேரம் ஜில்லென்றே இருந்து, வால்வு திறக்கிற நேரத்தில் மளமளவென்று சுடும். இதில் ஸ்கேனர் 40 காட்டும்போதே ஹோஸும் இளஞ்சூடாகிவிட்டது, இரண்டும் கூடவே ஏறின. பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடியும் 46தான். ஐடிலிங் வேறு இறங்காமல் உயரத்திலேயே நின்றது. பிறகு தானா ராத்தா வரை ஓட்டிப் பார்த்தேன். ஹாபு தாண்டி ஏறும்போது 76 வரை போனது, திரும்பி இறங்கும்போது 55க்கு விழுந்தது. 82ஐ ஒரு முறைகூடத் தொடவில்லை.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்தால் தப்பாகிவிடும். தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். அறைச் சூட்டில் முழுக்க மூடியிருக்க வேண்டிய வால்வில் பிறை மாதிரி ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. வட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவே காவி நிறத்தில் கெட்டியான துருப்பொருக்கு, நகத்தால் சுரண்டினால் வரவில்லை. யாரோ கூலன்ட் ஊற்றாமல் பைப் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். புதியதை மாட்டும் முன் சட்டியில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். தண்ணீரில் கம்பியால் தொங்கவிட வேண்டும், அடியில் கிடத்தினால் சட்டியின் சூடு ஏறி முன்னதாகவே திறந்துவிடும். சமையல் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினால், 82 என்று அடித்தது 82ஐ ஒட்டி அசைய ஆரம்பிக்கும், பத்துப் பன்னிரண்டு டிகிரி தாண்டினால் முழுக்கத் திறந்து நிற்கும், ஆறினால் மூடிவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது, தகட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்ன ஊசி. பெரும்பாலான கார்களில் அது மேல் பக்கம் வர வேண்டும், உள்ளே மாட்டும் காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். பழைய கேஸ்கெட்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியது போட்டேன். ரேடியேட்டரை அலசி, கூலன்டும் சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி வைத்து, மெதுவாக ஊற்றி, விசிறி சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டுக் காற்றை எடுத்தேன். அதே ரோட்டில் ஹாபு வருவதற்கு முன்னாலேயே 82 வந்துவிட்டது. ஏற்றத்தில் 87, இறக்கத்தில் 80, அதற்குக் கீழே போகவில்லை. ஹீட்டர் துவாரத்தில் தெர்மாமீட்டர் வைத்தால் முன்பு 31, இப்போது 55.

அவர் காரின் ஆயில் மூடியைத் திறந்தபோது அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் களிம்பு அப்பியிருந்தது. இதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் போச்சு, கூலன்ட் எண்ணெயில் கலக்குது என்று சொல்லிவிடுகிறார்கள், அது பெரிய செலவு. இன்ஜினுக்குள் இயல்பாகச் சேரும் ஈரம் சூடு வந்தால் ஆவியாகிப் போய்விடும். சூடு வராத இன்ஜினில், அதிலும் லயத்திலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து கடை என்று சின்னச் சின்ன தூரம் ஓடும் காரில், அது அங்கேயே தங்கி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிறது. ஆயில் குச்சியில் எண்ணெய் சுத்தமாக இருந்து, கூலன்டும் குறையவில்லை என்றால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். பெட்ரோல் கூடப் போனதற்கும் காரணம் இதுதான். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கூடுதலாக பெட்ரோல் விடுகிறது, எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஆகவே எண்ணெயையும் மாற்றித்தான் காரைக் கொடுத்தேன்.

இப்போது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் ஒரு பழக்கம். "நம்ம நாட்டு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழற்றி வீசிடு" என்று பல பட்டறைகளில் இன்னும் சொல்கிறார்கள், செய்தும் விடுகிறார்கள். கழற்றிய காரும் திறந்து மாட்டிக்கொண்ட காரும் ஒன்றுதான். வெளியே 33 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது 80க்கு மேல், கீழே தாப்பாவிலும் அதே கணக்குதான். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும், முன்பக்கம் திறக்கும்போது அது பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குள் திரும்பிவிடும். தாப்பாவிலிருந்து ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வரும் வேன் அந்த நீண்ட ஏற்றத்தில் கொதித்து நிற்க இதுவே போதும். கொதிக்கக் கூடாது என்று கழற்றியதே கொதிக்க வைக்கும்.

ஹீட்டரும் இல்லை, மீட்டரில் முள்ளும் இல்லை என்பவர்கள் ஸ்டார்ட் செய்ததும் எரியும் நீல விளக்கைப் பாருங்கள். கீழ்நாட்டில் சில நிமிட ஓட்டத்தில் அணைய வேண்டும். முன்பைவிட ரொம்ப நேரம் எரிந்தாலோ, இறக்கத்தில் மறுபடி எரிந்தாலோ பட்டறையில் சொல்லுங்கள். முள் இருந்தும் நம்ப முடியாத கார்கள் உண்டு, புதிய மீட்டர்கள் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதில் ஸ்கேனர்தான் உண்மையைச் சொல்லும். இன்ஜின் விளக்கு எரிந்து P0128 என்று வந்தால், கூலன்ட் தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய சூட்டை எட்டவில்லை என்று கார் கண்டுபிடித்திருக்கிறது என்று பொருள். கிராணி ஐயாவின் காரில் அந்த விளக்கு எரியவே இல்லை, ஆகவே விளக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சாமான் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அதில் அடித்த எண்ணும் விட்டமும் புதியதில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 82 இருந்த இடத்தில் "இன்னும் ஜில்லென்று ஓடும்" என்று 76 கொடுத்தால் வாங்காதீர்கள். சில ஐரோப்பியக் கார்களில் ஹவுசிங்கோடு சேர்த்து, மின்கம்பி போகும் தெர்மோஸ்டாட்தான் இருக்கும். அதற்கு விலை கூடும், அதற்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டவும் முடியாது, கம்ப்யூட்டர் அதைத் தேடும்.