எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்: இம்ப்ரெஷனைப் படத்தோடு சேர்த்து வாசிப்பது

இடுப்பு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் கடைசியில் இம்ப்ரெஷன் என்ற தலைப்பில் நான்கைந்து வரிகள் இருக்கும். பெரும்பாலானோர் அதை மட்டும் படித்துவிட்டு, ஃபிலிமை உறையிலிருந்து எடுக்காமலேயே பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அந்த வரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: "எல்4-எல்5 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், லெஃப்ட் பாராசென்ட்ரல் புரொட்ரூஷன், இன்டென்டிங் தீக்கல் சாக், கம்ப்ரஸ்ஸிங் லெஃப்ட் டிராவர்ஸிங் எல்5 நெர்வ் ரூட்." அதாவது, இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பரவலாகப் பிதுங்கி, நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாகக் கூடுதலாகப் புடைத்து, நரம்பு வேர்கள் மிதக்கும் நீர்ப்பையை அமுக்கி, கீழே இறங்கிப் போகும் இடது எல்5 நரம்பு வேரை நசுக்குகிறது. இதில் சொல்லியிருப்பது ஒவ்வொன்றையும் படத்தில் தேடிப் பார்க்கலாம்.

முதலில் ஃபிலிமின் ஓரத்தில் பெயர், வயது, தேதி ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு முதுகைப் பக்கவாட்டில் வெட்டிய மாதிரி இருக்கும் படங்களில், தண்டுவட நீர் வெள்ளையாகத் தெரியும் டி2 படத்தை எடுங்கள். கீழே, பின்பக்கமாகச் சாய்ந்து குறுகிப்போகும் எலும்பு சேக்ரம். அதன் மேல்பகுதிதான் எஸ்1. அதற்கு மேலே முதலில் வரும் டிஸ்க் எல்5-எஸ்1, அதற்கு அடுத்தது நாம் தேடும் எல்4-எல்5. நல்ல டிஸ்கின் நடுப்பகுதி நீர்ச்சத்தால் வெளுப்பாக இருக்கும். நீர் வற்றியது கறுத்திருக்கும். அந்தக் கறுத்த டிஸ்கின் பின்விளிம்பு, வெள்ளை நீர்த்தாரையை முன்னாலிருந்து உள்ளே தள்ளியிருந்தால் அதுதான் "இன்டென்டிங் தீக்கல் சாக்".

இந்த இடத்தில் பலரும் "தண்டுவடம் நசுங்கிவிட்டதா?" என்று பயந்துபோகிறார்கள். தண்டுவடம் பெரியவர்களுக்குப் பொதுவாக எல்1-எல்2 அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே பைக்குள் மிதப்பவை நரம்பு வேர்கள். பையின் முன்சுவர் லேசாக அமுங்கி, உள்ளே வெள்ளை நீர் தாராளமாகத் தெரிந்தால், அந்த வேர்களுக்கு இன்னும் இடமிருக்கிறது.

இடமா வலமா என்பதைப் பக்கவாட்டுப் படத்தை வைத்து முடிவு செய்வது சிரமம். அதற்குக் குறுக்குவெட்டுப் படம் வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவரைக் காலடியில் நின்று பார்க்கிற கோணம் அது: மேலே வயிறு, கீழே முதுகு. ஆகவே படத்தின் வலது பக்கம்தான் நோயாளியின் இடது பக்கம். ஓரத்தில் R அல்லது L என்று குறித்திருப்பார்கள். நம் உதாரணத்தில், வட்டமான வெள்ளைப் பையின் முன்னால், நடுக்கோட்டிலிருந்து படத்தின் வலப்பக்கமாக ஒரு கறுத்த புடைப்பு தெரிய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நரம்பு வேரைச் சுற்றி வெளுப்பான கொழுப்பு இருக்கும். இந்தப் பக்கத்தில் அது மறைந்திருந்தால் அழுத்தம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். நரம்பைத் தொடுவது, தள்ளுவது, நசுக்குவது மூன்றும் வேறு வேறு. எது எழுதியிருக்கிறது என்று கவனித்துப் படியுங்கள்.

அடுத்து காலைப் பாருங்கள். எல்4-எல்5 டிஸ்க் நடுக்கோட்டுக்கு அருகே பிதுங்கினால் பெரும்பாலும் அடிபடுவது கீழே இறங்கிப் போகும் எல்5 வேர். அதன் வலி கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம், பெருவிரல் வரை போகும். பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும் பலம் குறையலாம். சுண்டுவிரலும் உள்ளங்காலும் மரத்து, முன்பாதத்தில் நிற்க முடியவில்லை என்றால் அது எஸ்1 வேரின் குணம். அப்போது எல்5-எஸ்1 டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். அதே எல்4-எல்5 டிஸ்க் இன்னும் வெளியோரமாக, நரம்பு வெளியேறும் துளையில் பிதுங்கினால் சிக்குவது எல்4. ரிப்போர்ட்டில் இடது, வலி வலது காலில் என்றால், படத்தில் தெரியும் அந்தப் பிதுக்கம் வலிக்குக் காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.

ஏனென்றால் முதுகுவலியே இல்லாதவர்களிடமும் இவை தெரியும். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், வலியில்லாத 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. ரிப்போர்ட்டில் வரும் "கோரிலேட் கிளினிகலி" என்ற சொல்லுக்குப் பொருளே இதுதான்: படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஆளையும் பரிசோதியுங்கள். ஆனால் சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கிலும் ஆசனவாய் சுற்றியும் மரத்துப்போவது, கால் வேகமாகப் பலமிழப்பது ஆகியவை தொடங்கினால் படத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அதே நாளில் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஃபிலிமுக்கும் ஒரு வரம்பு உண்டு. எடுத்த எல்லாப் படங்களையும் அதில் அச்சிடுவதில்லை. புடைப்பு ஃபிலிமில் தெரியவில்லை என்பதால் ரிப்போர்ட் தவறு என்று ஆகாது, முழுத் தொகுப்பு உள்ள சி.டி.யைக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணிக்கையிலும் குழப்பம் வரும். சிலருக்கு எல்5 சேக்ரத்தோடு பாதி ஒட்டியிருக்கும், சிலருக்கு எஸ்1 தனியாகப் பிரிந்திருக்கும். அப்போது ஒருவர் எல்4-எல்5 என்பதை இன்னொருவர் எல்5-எஸ்1 என்று எழுத வாய்ப்புண்டு. பழைய ரிப்போர்ட்டும் புதியதும் வேறு எண் சொன்னால், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே அதை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த எலும்பிலிருந்து எண்ணினார்கள் என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டு, ரிப்போர்ட்டில் கூடுதல் குறிப்பாக எழுதி வாங்க முடியும்.