நட்சத்திரத்தை யாரும் வரையவில்லை

"பள்ளிவாசல் சுவரில் மனித உருவமோ விலங்கு உருவமோ ஏன் இருப்பதில்லை? படம் வரையக் கூடாது என்று சொல்லிவிட்டதால், வேறு வழியில்லாமல்தான் கோடும் கோணமுமாக வரையத் தொடங்கினார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதில் ஒரு தவறான அனுமானம் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் அருமையான ஒரு கணக்கு கிடைக்கும்.

குர்ஆன் சிலை வழிபாட்டைக் கண்டிக்கிறது. ஆனால் படம் வரையக் கூடாது என்று அதில் நேரடியான வசனம் ஏதும் இல்லை. அந்தத் தடை, நபிகள் நாயகத்தின் சொல்லையும் செயலையும் பதிவுசெய்த ஹதீஸ்களில் வருகிறது. உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்தவர்களிடம், மறுமை நாளில் 'இதற்கு உயிர் கொடு' என்று கேட்கப்படும் என்கிறது ஒன்று. இன்னொன்று வீட்டுக்குள் நடந்தது. நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி உருவங்கள் போட்ட ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார். நபிகள் நாயகம் அதை விரும்பவில்லை. உடனே ஆயிஷா அதைக் கிழித்துத் தலையணைகளாகத் தைத்துவிட்டார். அந்தத் தலையணைகளுக்கு ஆட்சேபம் இல்லை. துணி அதேதான், இருக்கும் இடம்தான் மாறியது. இதை வைத்துச் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனால் தொழுகிறவர் முகம் திருப்பும் திசையில், வணக்கத்தை வாங்கிக்கொள்ளும்படி ஓர் உருவம் நிற்கக் கூடாது என்பதில் பெரிய தகராறு இல்லை.

இதைக் கட்டடங்களிலேயே பார்க்கலாம். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையா கலீஃபா முதலாம் வலீத் கட்டிய டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மொசைக்குகளில் மரம், ஆறு, மாளிகை எல்லாம் இருக்கின்றன. ஒரு மனிதர் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. அதே உமையா வம்சத்தினர், அதே நூற்றாண்டில், இன்றைய ஜோர்டான் பாலைவனத்தில் குஸைர் அம்ரா என்ற சிறு மாளிகையைக் கட்டினார்கள். அங்கே சுவரெங்கும் வேட்டைக் காட்சிகள், இசைக் கலைஞர்கள், குளிக்கும் பெண்கள். ஆக, உருவம் வரையத் தெரியாதவர்களும் இல்லை, எங்குமே வரையாதவர்களும் இல்லை. தொழும் இடத்தில் தவிர்த்தார்கள், அவ்வளவுதான். பின்னாளில் கோண அலங்காரமும் பள்ளிவாசலோடு நின்றுவிடவில்லை. அரண்மனை, குளியலறை, கதவு, புத்தக அட்டை என்று எல்லா இடத்திலும் அது இருந்தது. வேறு வழியில்லாமல் பிறந்த கலை இவ்வளவு பரவாது.

சரி, அந்த அலங்காரத்தை எப்படி வரைந்தார்கள்?

ஃபத்தேபூர் சிக்ரியில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு குளியலறை. அங்கே சுவர்ப்பூச்சில் லேசாகக் கீறிய கோடுகள் இருப்பதை எர்னஸ்ட் ஹான்பரி ஹான்கின் கவனித்தார். ஆக்ராவில் அரசாங்க வேதியியல் பரிசோதகராக இருந்தவர் அவர். கங்கை நீரில் காலரா கிருமிகள் சாகின்றன என்று 1896இல் எழுதியவரும் இவர்தான். அந்தக் கீறல்கள் நட்சத்திர அலங்காரத்தின் பகுதியே அல்ல. அதற்கு அடியில் கிடந்த பலகோணங்கள். வேலை முடிந்ததும் மறைந்துபோக வேண்டியவை, எப்படியோ தங்கிவிட்டன. அதிலிருந்து ஹான்கின் முழு முறையையும் மீட்டெடுத்து 1905இல் வெளியிட்டார். கிருமி ஆய்வுக்காகச் சம்பளம் வாங்கியவர் ஓய்வு நேரத்தில் சுவரைப் பார்த்துக் கண்டுபிடித்தது இது. 'இதனால் என்ன பயன்?' என்று விண்ணப்பத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்லும் இன்றைய நிதிக் குழு எதுவும் இதற்குக் காசு தந்திருக்காது.

முறை இதுதான். ஒரு காகிதத்தில் தேன்கூடு போல அறுகோணங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் குறியுங்கள். அந்தப் புள்ளியில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் பக்கத்தோடு ஒரே கோணத்தில், ஒன்று இடப்புறம் சாய்ந்து, மற்றது வலப்புறம் சாய்ந்து. முதலில் 60 பாகை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோட்டையும், அதே அறுகோணத்தின் அடுத்த பக்கத்திலிருந்து வரும் கோட்டைச் சந்திக்கும் வரை நீட்டி, அங்கே நிறுத்துங்கள். கடைசியாக, முதலில் போட்ட அறுகோணங்களை அழித்துவிடுங்கள்.

இப்போது காகிதத்தில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் ஓர் ஆறுமுனை நட்சத்திரம். அண்டை நட்சத்திரங்கள் முனையோடு முனை தொட்டு நிற்கின்றன. மூன்று அறுகோணங்கள் சந்தித்த மூலைகளில் யாரும் எதையும் வரையவில்லை, ஆனாலும் அங்கே ஒரு குட்டி அறுகோணம் முளைத்திருக்கும். ஒழுங்கான, ஆறு பக்கமும் சமமான அறுகோணம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. பலகோணங்களைத் தொடாமல் கோணத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். 45 பாகையில் நட்சத்திரம் பருத்துவிடும், மூலையில் இருந்த குட்டி அறுகோணம் மூன்று பக்கம் கூர்மையாகிவிடும். 30 பாகைக்கு வந்தால் நட்சத்திரமே காணாமல் போய், அதன் இடத்தில் வெறும் அறுகோணமும் மூலைகளில் முக்கோணமுமாக நிற்கும். அடித்தளம் ஒன்றுதான், ஒரே ஒரு கோணத்தைத் திருகினால் வடிவம் மாறிக்கொண்டே போகிறது. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பி நிலையம் மாற்றுவது போல.

எங்கே தவறும் என்றும் இதிலேயே தெரியும். கோடு பலகோணத்தின் உள்ளே மடங்கலாம், ஆனால் பக்கத்தைக் கடக்கும்போது நேராகப் போக வேண்டும். அதற்குத்தான் நடுப்புள்ளி. ஒரு புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனால் இருபுறக் கோடுகளும் ஒன்றோடொன்று சேராமல் அந்த இடத்தில் ஒடிந்து தெரியும். பார்வையாளருக்குக் காரணம் புரியாது, 'ஏதோ சரியில்லை' என்று மட்டும் தோன்றும்.

அறுகோணம் நல்ல பிள்ளை. மூலைக் கோணம் 120, மூன்று சேர்ந்தால் 360, இடைவெளியே இல்லை. ஐங்கோணம் அப்படியில்லை. 108 பாகை மூலைகள் மூன்றைச் சேர்த்தால் 324, மீதி 36 பாகை ஓட்டை. அதனால் ஐங்கோணத்தை மட்டும் வைத்துத் தரையை நிரப்ப முடியாது. ஈரானியக் கைவினைஞர்கள் விரும்பியதோ பத்துமுனை நட்சத்திரம். அதற்குப் பத்துகோணம் வேண்டும். 144 பாகை மூலைகள் இரண்டைச் சேர்த்தால் 72 பாகை ஓட்டை விழும்.

இந்த ஓட்டைகளை அடைக்க ஐந்து வடிவங்கள் கொண்ட ஒரு தொகுப்பு இருந்தது என்று 2007இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் காட்டினார்கள். பத்துகோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், சாய்சதுரம், இடுப்பு ஒடுங்கிய உடுக்கை வடிவம். ஐந்துக்கும் பக்க நீளம் ஒன்றே, எல்லா மூலைகளும் 36இன் மடங்கு. இரண்டு பத்துகோணங்களுக்கு நடுவே விழும் 72 பாகை ஓட்டையில் உடுக்கையின் முனை கச்சிதமாக உட்காரும், ஏனென்றால் அதுவும் 72. இரண்டு ஐங்கோணமும் ஒரு பத்துகோணமும் சேர்ந்தால் 108, 108, 144, சரியாக 360. மேலே போடும் கோடுகள் எல்லாப் பக்கங்களையும் நடுவில் 54 பாகையில் கடக்கின்றன, எனவே எதை எதனோடு ஒட்டினாலும் கோடு அறாது. பாரசீகத்தில் இந்த வேலைப்பாட்டுக்கு கிரிஹ், அதாவது முடிச்சு, என்று பெயர். இது வெறும் ஊகம் இல்லை. இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில், கைவினைஞர்கள் பயன்படுத்திய மாதிரி வரைபடங்கள் அடங்கிய கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளச் சுருள் இருக்கிறது. அதன் சில வரைபடங்களில் முடிந்த அலங்காரத்தின்மேல் இந்தப் பலகோணங்கள் சிவப்பு மையிலேயே போடப்பட்டிருக்கின்றன.

இஸ்ஃபஹானில் 1453ஆம் ஆண்டைச் சேர்ந்த தர்ப்-இ இமாம் நினைவிடத்தில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பெரிய வடிவங்களை அதே வகைச் சிறிய வடிவங்களால் நிரப்பினார்கள். லூவும் ஸ்டைன்ஹார்ட்டும் அந்தச் சுவரைப் பென்ரோஸ் ஓடுகளாக, அதாவது 1970களில் வந்த, ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப அமையாத ஓடுகளாக, மாற்றிப் பார்த்தார்கள். 3,700 ஓடுகளில் பொருந்தாதவை 11 இடங்கள்தான். அவையும் சில துண்டுகளைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். கட்டும்போதோ பழுது பார்க்கும்போதோ வேலையாள் கை தவறியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத பொருளைக் குவாசி படிகம் என்பார்கள். இது வெளிவந்ததும் 'குவாசி படிகத்தை 500 ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று பரபரப்பாக எழுதினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு சுவர் அளவுக்கு ஒழுங்கு இருக்கிறது என்பது வேறு, அதை முடிவில்லாமல் நீட்டும் விதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லும் எழுத்துச் சான்று கிடையாது, கணிதம் படித்தவர்களே இதில் முரண்படுகிறார்கள். இன்னொரு கூட்டம் இந்த வடிவங்களிலிருந்து 'ஆற்றல் அலைகள்' வருகின்றன என்று படம் போட்டுப் பகிர்கிறது. சுவரிலிருந்து வருவது ஒளி மட்டும்தான். எனக்கு அதுவே போதும்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உருவம் விட்டுப்போன மையத்தில் பெரும்பாலும் வந்து உட்கார்ந்தது எழுத்து. கலீஃபா அப்துல் மலிக் முதலில் தன் உருவம் பொறித்த தங்க நாணயங்களை வெளியிட்டார். 690களின் பிற்பகுதியில் அதை எடுத்துவிட்டு முழுக்க எழுத்தாலேயே நாணயம் அடித்தார். எழுத்து அந்த இடத்தில் நிற்க வேண்டுமானால் அதற்கும் அளவு வேண்டுமே. அதைக் கொடுத்தவராகச் சொல்லப்படுபவர், பாக்தாதில் அமைச்சராக இருந்து 940இல் இறந்த இப்னு முக்லா. நாணல் பேனாவின் பட்டையான முனையை அதன் அகலத்துக்குச் சாய்வாக இழுத்தால் ஒரு சாய்சதுரப் புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். நேர்கோடாக நிற்கும் அரபு எழுத்தான அலிஃப் எத்தனை புள்ளி உயரம் என்பது எழுத்து வகையைப் பொறுத்தது, துலுத் வகையில் பொதுவாக ஏழு. அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போட்டால், நூன் போன்ற எழுத்துகளின் வளைவை அந்த வட்டத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பேனா பெரிதானால் புள்ளி பெரிதாகும், புள்ளியோடு சேர்ந்து எழுத்து முழுவதும் அதே விகிதத்தில் பெரிதாகும். உள்ளங்கைத் தாளில் இருந்ததைக் குவிமாடத்தின் விளிம்புக்கு ஏற்ற இது போதும். பயிற்சித் தாள்களில் எழுத்தின் பக்கத்தில் அளவுப் புள்ளிகளை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். சுவருக்குப் போகும்போது அவையும் ஹான்கின் பார்த்த பலகோணங்களைப் போல மறைந்துவிடும்.

அடுத்த முறை கிரிஹ் அலங்காரம் ஒன்றின் படம் கையில் கிடைத்தால் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் மடங்கும் இடங்களை விட்டுவிடுங்கள், அவை பலகோணத்தின் உள்ளே இருப்பவை. வெட்டிக்கொள்ளும் இடங்களைப் பிடியுங்கள். அங்கே உள்ள அகன்ற கோணத்தைப் பாதியாக வெட்டும்படி, வெட்டுப்புள்ளி நடுவில் வர, சிறு கோடு போடுங்கள். பத்துப் பன்னிரண்டு இடத்தில் போட்டு நீட்டினால், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரு பத்துகோணமோ உடுக்கையோ மெல்ல மேலெழுந்து வரும்.