ஆடிட்டர் அறிக்கையில் வரும் ஒரு ‘தவிர’

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் உரிமையாளர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “இந்த வருஷம் ஆடிட்டர் ‘குவாலிஃபைடு’ன்னு போட்டிருக்காருங்க. குவாலிஃபைடுன்னா நல்லதுதானேங்க?”

அவர் அப்படி நினைத்ததில் தவறே இல்லை. குவாலிஃபைடு டாக்டர், குவாலிஃபைடு இன்ஜினியர் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும். தணிக்கையில் பொருள் நேர் எதிர். ஆடிட்டர் ஒரு விலக்கை வைத்துச் சொல்லும் கருத்துதான் குவாலிஃபைடு ஒப்பீனியன். விலக்கு எதுவும் வைக்காமல் சொன்னால் அது அன்குவாலிஃபைடு. பேச்சு வழக்கில் இதை ‘கிளீன் ரிப்போர்ட்’ என்பார்கள். ஆக, உரிமையாளர் விரும்ப வேண்டியது அன்குவாலிஃபைடைத்தான்.

அறிக்கை பல பக்கம் இருக்கும். ஆனால் கருத்து எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம், முதல் பகுதியே அதுதான். தலைப்பு வெறும் ‘ஒப்பீனியன்’ என்றிருந்தால் விலக்கில்லை. ‘குவாலிஃபைடு ஒப்பீனியன்’ என்றிருந்தால், அதன் கீழே ‘எக்ஸெப்ட் ஃபார்’ என்று ஒரு சொல் இருக்கும். தமிழில் ‘தவிர’. “கீழே சொன்ன விஷயத்தைத் தவிர, இந்தக் கணக்குகள் கம்பெனியின் நிலையை உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன” என்பதுதான் அந்த வாக்கியத்தின் சாரம். எந்த விஷயம் என்பது அடுத்த பகுதியான ‘பேசிஸ் ஃபார் குவாலிஃபைடு ஒப்பீனியன்’ என்பதில் இருக்கும். உரிமையாளருக்கு நேரமே இல்லையென்றால் இந்த இரண்டு பகுதிகளையாவது படிக்க வேண்டும்.

ஆடிட்டருக்கு ‘தவிர’ போட வேண்டிய நிலை இரண்டே வழிகளில் வரும். கணக்கு தவறு என்று தெரிவது ஒன்று. கணக்கு சரியா தவறா என்று பார்க்கவே முடியாமல் போவது இன்னொன்று. இரண்டும் ஒரே கம்பெனியில் வந்ததாக வைத்துப் பார்க்கலாம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை, ஆனால் நிலவரம் திருப்பூரில் யாருக்கும் புதிதல்ல.

அண்ணன் தம்பி இருவர் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. வருட விற்பனை 24 கோடி ரூபாய், வரிக்கு முந்தைய லாபம் 90 லட்சம். மார்ச் 31 அன்று புத்தகத்தில் சரக்கு 3 கோடி. அதில் 1 கோடியே 10 லட்சம் மதிப்புள்ள நூலும் துணியும் இவர்கள் குடோனில் இல்லை. நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் செய்பவர்களிடம் கிடக்கிறது. அப்புறம், வெளியூர் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து 30 லட்சம் வர வேண்டும். பாக்கி இரண்டு வருடத்துக்கு மேல் பழையது, அந்தக் கம்பெனியே கலைப்பு நடவடிக்கையில் இருக்கிறது.

முதலில் அந்த 30 லட்சம். ஆடிட்டர் பார்த்தவரை திரும்பி வரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யச் சொல்கிறார். அண்ணன் மறுக்கிறார். லாபம் 90-இலிருந்து 60 லட்சமாக இறங்கும், பேங்கில் அன்றாடத் தொழிலுக்கு எடுக்கும் சிசி கடனின் லிமிட் புதுப்பிக்கும் நேரத்தில் இது வேண்டாம் என்பது அவர் கவலை. கவலை புரிகிறது. ஆனால் இங்கே ஆடிட்டருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கணக்கு தவறு, எவ்வளவு தவறு என்றும் தெரியும்.

தவறு இருந்தாலே ‘தவிர’ வந்துவிடாது. அது படிப்பவரின் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிதா என்று பார்ப்பார்கள். தணிக்கையில் இதை மெட்டீரியாலிட்டி என்பார்கள். லாப நோக்கில் இயங்கும் உற்பத்திக் கம்பெனிக்கு வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் தொடக்க அளவு. சட்டம் விதித்த எண் அல்ல, ஆடிட்டரின் தீர்ப்புதான். இங்கே 90 லட்சத்தில் 5 சதவீதம் நாலரை லட்சம். 30 லட்சம் அதைப்போல ஆறு மடங்குக்கு மேல். விட்டுவிட முடியாது.

இதில் அண்ணன் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தவறின் அளவைக் கணக்கிட முடிந்தால், ஆடிட்டர் அதை அறிக்கையிலேயே எழுத வேண்டும். “ஒதுக்கீடு செய்திருந்தால் லாபம் 30 லட்சம் குறைந்திருக்கும்” என்று கறுப்பு வெள்ளையில் வந்துவிடும். பேங்க் அதிகாரி அதைப் படித்ததும் 90-இலிருந்து 30-ஐக் கழித்துக்கொள்வார். எப்படியும் 60 லட்சம்தான், கூடவே அறிக்கையில் ஒரு ‘தவிர’. ஒதுக்கீட்டைத் தாங்களே செய்திருந்தால் 60 லட்ச லாபம், இந்த விஷயத்தில் கிளீன் ரிப்போர்ட். என் அனுபவத்தில் இதை எழுதிக் காட்டினால் பாதிப் பேர் அங்கேயே மனம் மாறிவிடுவார்கள்.

இனி ஜாப் ஒர்க் சரக்கு. இங்கே ஆடிட்டர் தவறு எதையும் கண்டுபிடிக்கவில்லை. பார்க்கத்தான் வழியில்லை. சரக்கு பெரிய தொகையாக இருந்தால் கம்பெனி எண்ணும்போது ஆடிட்டர் கூட இருக்க வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை. வெளியாரிடம் இருக்கும் சரக்குக்கு, அவரிடமிருந்தே “மார்ச் 31 அன்று இத்தனை கிலோ எங்களிடம் இருந்தது” என்று எழுத்து உறுதி வாங்க வேண்டும், அல்லது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கம்பெனி தன் டெலிவரி சலான், அதாவது டி.சி. கட்டைக் காட்டலாம். ஆனால் டி.சி. சொல்வது சரக்கு வெளியே போனதை மட்டும்தான். இன்னும் அங்கே இருக்கிறதா, சாயத்தில் எடை எவ்வளவு குறைந்தது, லாட் கெட்டுப் போய் ஒதுக்கி வைத்தார்களா என்பதை அது சொல்லாது.

உறுதிக் கடிதம் வராவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வந்த துணியின் டி.சி.யைப் பார்க்கலாம். அதில் குறிப்பிட்ட லாட் மார்ச் 31-க்கு முன்பே அங்கே போயிருந்தால், அன்றைய தேதியில் அது அங்கே இருந்தது என்பதற்கு நல்ல ஆதாரம். நம் கம்பெனியில் கடிதங்கள் மூலமும் இப்படித் திரும்பி வந்த லாட்டுகள் மூலமும் 72 லட்சத்துக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. மீதி 38 லட்சத்துக்குக் கடிதமும் இல்லை, துணியும் திரும்பவில்லை. இரண்டு பட்டறைகள் பதிலே போடவில்லை, நேரில் போய்ப் பார்க்கவும் விடவில்லை.

இதற்கும் ‘தவிர’ வரும். ஆனால் வாக்கியத்தில் ஒரு சொல் மாறும். வராக்கடனுக்கு “இதன் விளைவைத் தவிர” என்று எழுதுவார். சரக்குக்கு “இதனால் ஏற்படக்கூடிய விளைவைத் தவிர” என்று எழுதுவார். முதலாவது, தவறு என்று தெரிந்து சொல்வது. இரண்டாவதில் 38 லட்சமும் பத்திரமாக இருக்கலாம், ஒரு கிலோகூட இல்லாமலும் போயிருக்கலாம். ஆடிட்டர் தங்களைத் திருடன் என்கிறார் என்று உரிமையாளர்கள் கொதிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பார்த்துத்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை. தன்னிடம் ஆதாரம் இல்லை என்று மட்டுமே சொல்கிறார்.

சரி, எப்போது இது ‘தவிர’ என்பதோடு நிற்காமல் இன்னும் மோசமாகும்? பழுது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஒரு ரோல் துணியில் ஓட்டை இருந்தால் அந்த ரோலை எடுத்து வைத்துவிட்டு மீதியை அனுப்பலாம். சாயமே ஓடுகிறது என்றால் லாட் முழுவதும் போச்சு. கணக்கு முழுவதும் நம்ப முடியாதபடி தவறு என்று தெரிந்தால், “உண்மையாகவும் நியாயமாகவும் காட்டவில்லை” என்று ஆடிட்டர் நேராகவே எழுதுவார். இதற்கு அட்வர்ஸ் ஒப்பீனியன் என்று பெயர். ஆதாரமின்மை எல்லாப் பக்கமும் பரவியிருந்தால், “எங்களால் கருத்தே சொல்ல முடியவில்லை” என்பார். இது டிஸ்கிளெய்மர். நம் கம்பெனியில் பிரச்சினை ஒரு பாக்கியோடும் சரக்கின் ஒரு பகுதியோடும் நிற்கிறது. அதனால் குவாலிஃபைடு.

அறிக்கையில் ‘எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்’ என்ற தலைப்பைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. கணக்கில் சரியாகவே சொல்லப்பட்டிருக்கும் ஒரு முக்கியமான விஷயத்தை, பெரிய வழக்கு ஒன்று நிலுவையில் இருப்பதுபோல, படிப்பவர் தவறவிடக் கூடாது என்று ஆடிட்டர் விரல் வைத்துக் காட்டுவது அது. கருத்தை அது மாற்றாது.

கிளீன் ரிப்போர்ட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டியிருந்த ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய வருடங்களின் தணிக்கை அறிக்கைகளில் ‘தவிர’ இல்லை. ஆடிட்டர் கொடுப்பது நியாயமான அளவு உறுதியே தவிர முழு உத்தரவாதம் அல்ல. மாதிரிக்கு எடுத்துப் பார்த்துச் சொல்கிறார். ஆவணங்களைப் போலியாகச் செய்து கூட்டாக மறைத்தால் தப்பிவிட வாய்ப்புண்டு.

‘தவிர’ வந்தபின் உரிமையாளருக்குச் சில கடமைகள் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் பிரிவு 134 படி, ஒவ்வொரு விலக்குக்கும் இயக்குநர்கள் தங்கள் அறிக்கையில் விளக்கம் எழுத வேண்டும். கம்பெனியின் நடப்பைப் பாதிக்கும் விஷயமானால், பிரிவு 145 படி பொதுக்கூட்டத்தில் அதை வாசிக்கவும் வேண்டும். ஆனால் இதற்கு முன்பே வாய்ப்பு இருக்கிறது. விலக்கு வைக்கப்போவதையும் அதன் வாசகத்தையும் ஆடிட்டர் கையெழுத்துக்கு முன்பே நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் ஒதுக்கீட்டைப் போடலாம், பதில் போடாத பட்டறைக்கு அண்ணனே நேரில் போய்க் கடிதம் வாங்கலாம். கையெழுத்தான பிறகு முதலாமாண்டுக் கணக்கு அப்படியே நின்றுவிடும்.

அதன் நிழல் அடுத்த வருடத்திலும் விழும். மார்ச் 31-இன் இறுதிச் சரக்குதான் ஏப்ரல் 1-இன் தொடக்கச் சரக்கு. அந்த 38 லட்சம் நிஜத்தில் இல்லையென்றால் முதல் வருட லாபம் 38 லட்சம் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது. தொடக்கச் சரக்கு லாபத்திலிருந்து கழிபடும் என்பதால், இரண்டாம் வருட லாபம் அதே 38 லட்சம் குறைவாகத் தெரியும். தம்பி இரண்டாம் வருடம் விழித்துக்கொண்டு எல்லாப் பட்டறைகளிலும் கடிதம் வாங்கிவிட்டார் என்று வைப்போம். பழைய 38 லட்சத்துக்கு இன்னும் ஆதாரம் இல்லையென்றால், அந்த வருட பேலன்ஸ் ஷீட்டில் குறை இருக்காது, லாப நட்டக் கணக்குக்கு மட்டும் ஒரு ‘தவிர’ தொடரும். சரக்கு விஷயத்தில் விலக்கே இல்லாத அறிக்கை அவர்கள் கைக்கு வருவது மூன்றாம் வருடத்தில்தான்.