கோல்கீப்பருக்கான எட்டு வினாடி விதி எப்படி வந்தது: மார்ச் செய்தியும் ஜூலை சட்டமும்

மார்ச் பிறந்தால் போதும், கால்பந்து ரெஃப்ரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் "சார், இந்த ரூல் வந்துருச்சா?" என்ற கேள்வி வரிசையாக வரத் தொடங்கிவிடும். புதிதாக விசில் பிடிப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கும் எனக்கு, சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பதைவிட "இது இன்னும் சட்டம் ஆகவில்லை" என்று சொல்லிப் புரியவைப்பதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. 2024 தொடக்கத்தில், வீரரைச் சிறிது நேரம் வெளியே உட்கார வைக்கும் நீல அட்டை வரப்போகிறது என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. அந்த அட்டை சட்டப்புத்தகத்துக்குள் வரவே இல்லை. ஆனால் அதைக் கேள்விப்பட்டு, லோக்கல் டோர்னமென்ட்டில் பயன்படுத்தலாமா என்று கேட்டவர்கள் உண்டு.

கால்பந்தின் சட்டங்களை ஃபிஃபா எழுதுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. சட்டங்களுக்குச் சொந்தக்காரர் இன்டர்நேஷனல் ஃபுட்பால் அசோசியேஷன் போர்டு, சுருக்கமாக ஐஃபாப். 1886-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்கள் சேர்ந்து உருவாக்கியது. ஃபிஃபா அதில் சேர்ந்ததே 1913-இல்தான். இன்றைக்கும் அந்த நான்கு இடங்களும் அப்படியே இருக்கின்றன, அயர்லாந்தின் இடம் மட்டும் வடக்கு அயர்லாந்தின் சங்கத்திடம் இருக்கிறது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு நான்கு ஓட்டு. மொத்தம் எட்டில் ஆறு கிடைத்தால்தான் ஒரு சட்டம் மாறும். ஃபிஃபா தனியாக நின்று எதையும் மாற்ற முடியாது, அந்த நால்வர் சேர்ந்தாலும் ஃபிஃபா இல்லாமல் முடியாது. உலகமே ஆடும் ஆட்டத்தில் நான்கு சங்கங்களுக்கு மட்டும் இப்படி ஒரு பிடி எதற்கு என்று கேட்டால், பழைய உரிமை என்பதைத் தவிர பெரிய பதில் இல்லை. ஆனாலும் அவசரப்பட்டு எதையும் மாற்ற விடாத பூட்டாக அது வேலை செய்கிறது என்பது என் கருத்து.

யோசனை எங்கிருந்தும் வரலாம். இந்தியா போன்ற மற்ற நாடுகளின் சங்கங்களுக்காக மேசையில் ஓட்டுப் போடுவது ஃபிஃபாதான். அங்கே இரண்டு ஆலோசனைக் குழுக்கள் அதை அலசும். ஒன்றில் முன்னாள் வீரர்களும் பயிற்சியாளர்களும் இருப்பார்கள், மற்றதில் ரெஃப்ரி துறை ஆட்கள். அடுத்தது ஆண்டு அலுவல் கூட்டம். அங்கே சட்டத்தை மாற்றும் முடிவு எடுப்பதில்லை, எதைப் பொதுக்கூட்டத்துக்கு அனுப்பலாம் என்று பரிந்துரை செய்வார்கள். வழக்கமாக பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ நடக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்தான் ஓட்டு. நம் கைபேசிக்கு ஃபார்வர்டு வருவதும் அந்தச் சமயத்தில்தான்.

இதை கோல்கீப்பர் பந்தைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்தை வைத்துப் பார்ப்போம். 2000-இலிருந்து ஆறு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். விதி புத்தகத்தில் இருந்தது, மைதானத்தில் இல்லை. பத்து, பன்னிரண்டு வினாடி பிடித்து வைத்தாலும் பெரும்பாலான ரெஃப்ரிகள் "சீக்கிரம்" என்று கையைக் காட்டுவதோடு விட்டுவிடுவார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். பெனால்டி ஏரியாவுக்குள் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பதினொரு பேரும் கோல் கோட்டில் வந்து நிற்பார்கள், தூரம் அளக்கத் தகராறு, தள்ளுமுள்ளு. நாலு வினாடி தாமதத்துக்கு ஒரு கோல் விழக்கூடிய தண்டனை. குற்றம் சின்னது, தண்டனை பெரிது என்பதால் யாரும் கொடுக்கவில்லை. யாரும் கொடுக்காததால் கீப்பர்கள் பயப்படவில்லை.

ஐஃபாப் இதைக் கையில் எடுத்தபோது நேரத்தை மட்டும் தொடவில்லை, தண்டனையையும் மாற்றிப் பார்த்தது. 2024 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் நடந்த பொதுக்கூட்டம் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தது. எட்டு வினாடி. மீறினால் எதிரணிக்கு கார்னர், அல்லது பெனால்டி புள்ளிக்கு நேராக ஒரு த்ரோ இன். இரண்டில் எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். பரிசோதனை என்றால் விரும்பிய லீக் விரும்பியபடி ஆடிப் பார்ப்பது அல்ல. ஐஃபாப்பிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும், அவர்கள் தரும் நடைமுறையை அப்படியே பின்பற்ற வேண்டும், நடந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் இளையோர் லீகான பிரீமியர் லீக் 2, மால்டாவின் முதல் நிலை லீக் போன்றவற்றில் இது நடந்தது.

நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் கார்னர் கொடுக்க வேண்டி வந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். இதைப் பார்த்து "அப்படியானால் விதி வேலை செய்யவில்லை" என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். நேர்மாறாகத்தான் படிக்க வேண்டும். ரெஃப்ரி கையை உயர்த்திக் கடைசி ஐந்து வினாடியை விரலால் எண்ணிக் காட்டுகிறார். கீப்பருக்கும் தெரிகிறது, கேலரிக்கும் தெரிகிறது. பந்து போய்விடுகிறது. எண்ணிக்கை குறைவாக இருந்ததே வெற்றி.

2025 மார்ச் 1-ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் கூட்டத்தில் கார்னர் சட்டமானது. கீப்பர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கத்து மூலையிலிருந்து கார்னர். அடிக்கடி செய்தால் ஒழிய மஞ்சள் அட்டை கிடையாது. கீப்பர் பந்தை முழுக்கக் கட்டுப்பாட்டில் எடுத்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். கீழே விழுந்து பந்தை அணைத்த நொடியிலேயே எண்ண ஆரம்பிப்பது நம் பக்கம் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எல்லாப் பரிசோதனையும் இப்படி முடிவதில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் முதலில் உதைக்கும் அணிக்குச் சாதகம் என்ற வாதத்தில், முதல் அணி ஒன்று, இரண்டாம் அணி தொடர்ந்து இரண்டு, மறுபடி முதல் அணி இரண்டு என்று மாற்றி உதைக்கும் முறையை 2017-இல் முயன்றார்கள். ஆர்சனலும் செல்சியும் மோதிய கம்யூனிட்டி ஷீல்டில்கூட அப்படித்தான் நடந்தது. 2018 நவம்பரில் கைவிட்டார்கள். சிக்கலாக இருக்கிறது, பெரிய ஆதரவும் இல்லை என்றார்கள். கணக்குப்படி அது நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அடுத்து யார் உதைக்க வேண்டும் என்று பார்வையாளர் யோசிக்க வேண்டியிருந்தால், அந்த விதியைக் கைவிட்டது சரிதான் என்று நினைக்கிறேன்.

இனி, நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம். மார்ச்சில் ஓட்டு முடிந்தாலும் சட்டம் அமலுக்கு வருவது ஜூலை 1-ஆம் தேதி. அதற்கு முன் தொடங்கும் போட்டிகள் விரும்பினால் புதிய சட்டத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம், அல்லது அடுத்த போட்டித் தொடர்வரை தள்ளிவைக்கலாம். 2025 கிளப் உலகக் கோப்பை ஜூன் 14-இல் தொடங்கியது, ஃபிஃபா முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் மமெலோடி சன்டௌன்ஸ் கீப்பர் ரோன்வென் வில்லியம்ஸ் அங்கே எட்டு வினாடியைத் தாண்டி கார்னர் கொடுத்ததை டிவியில் பார்த்துவிட்டு, அதே மாதம் இங்கே நடந்த ஆட்டத்தில் "அங்க குடுத்தாங்களே, இங்க ஏன் குடுக்கல?" என்று ரெஃப்ரியை மடக்கினார்கள். அந்த டோர்னமென்ட்டின் விதித்தாளில் புதிய சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ரெஃப்ரி செய்தது சரி.

ஜூனில் தொடங்கி ஜூலையைத் தாண்டி ஓடும் டோர்னமென்ட்டை நடத்துகிறவர்கள், எந்த ஆண்டின் சட்டப்புத்தகத்தில் ஆடுகிறோம் என்பதை விதித்தாளின் முதல் பக்கத்தில் எழுதி, அணி மேலாளர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்டப் போட்டிகளுக்கு மைதான அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், வெளியேறியவர் திரும்ப வருவது, தற்காலிக வெளியேற்றம் போன்ற சிலவற்றில் மாற்றம் செய்ய சட்டமே இடம் தருகிறது. ஆனால் அதை அனுமதிக்க வேண்டியது நாட்டின் சங்கம். ஆஃப்சைடையோ ஹேண்ட்பாலையோ சொந்தமாக மாற்றி எழுத உங்களுக்கும் உரிமை இல்லை, மாவட்டச் சங்கத்துக்கும் இல்லை.