மடக்கைக்கு ஏன் இன்னொரு பெயர்?

பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போன கிழமை ஒரு ரியூசன் குறிப்பைக் கொண்டுவந்து காட்டினாள். தலைப்பு, 'தலைகீழ் அடுக்கு'. உள்ளே மடக்கை என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. இந்தத் 'தலைகீழ் அடுக்கு' இந்த வருடத்தில் எத்தனையாவது தடவை என் கண்ணில் படுகிறது என்று தெரியாது. மடக்கை பிள்ளைகளுக்கு விளங்காத சொல், அதனால் எளிமையாக்குகிறோம் என்கிறார்கள் இப்படி மொழிபெயர்ப்பவர்கள். எளிமை எங்கே வந்தது என்று அவளுடைய கொப்பியைப் பார்த்தேன். log₂ 8 என்ன என்ற கேள்விக்கு 1/8 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் −3 என்று எழுதியிருந்தான். இரண்டு பேரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். சொல் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். சின்ன வகுப்பிலிருந்து 'தலைகீழாக்கு' என்றால் பின்னத்தைக் கவிழ்ப்பதுதானே?

சொல்லின் வரலாறு சுருக்கமானது. ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் நேப்பியர் 1614இல் தம் அட்டவணையை வெளியிட்டபோது, விகிதம் என்ற பொருளுள்ள லோகோஸ், எண் என்ற பொருளுள்ள அரித்மோஸ் ஆகிய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து லொகரிதம் என்று பெயர் வைத்தார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக் கணக்கைச் சுருக்குவதுதான் அவருடைய நோக்கம். பத்தை அடியாக வைத்தவர் ஹென்றி பிரிக்ஸ். மடக்கையை வலுவின், அதாவது 2³ போன்ற அடுக்கின், மறுபக்கமாக வைத்து விளக்கும் முறையை நிலைநிறுத்தியவர் ஒயிலர், அது 18ஆம் நூற்றாண்டில். ஆக, மூலச் சொல்லிலும் தலைகீழ் என்ற பொருள் கிடையாது.

தமிழில் 'மடக்கு' என்ற அடியிலிருந்து மடக்கை. மடங்கு, இருமடங்கு, பன்மடங்கு எல்லாம் அதே குடும்பம். ஒரே எழுத்துத் தொடர் வேறு பொருளில் திரும்பி வருவதை அணியிலக்கணத்தில் மடக்கு என்கிறோம். திரும்பத் திரும்ப வருவது, மடிப்பது, பெருகுவது ஆகிய மூன்றையும் ஒரு வேருக்குள் வைத்திருக்கிற மொழி இது. அதை விட்டுவிட்டுத் தலைகீழைத் தேடிப் போக என்ன தேவை?

சரி, 'அது வலுவின் நேர்மாறு என்பது உண்மைதானே, பெயரிலேயே இருந்தால் நல்லதுதானே' என்று கேட்பார்கள். கழித்தல் கூட்டலின் நேர்மாறு. அதைத் தலைகீழ்க் கூட்டல் என்று யாராவது சொல்கிறோமா? இதைவிடப் பெரிய கோளாறு வேறு இருக்கிறது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் நேர்மாறு ஒவ்வொன்றுதான், ஏனென்றால் 2 + 3 உம் 3 + 2 உம் ஒன்று. வலுவில் அப்படி இல்லை. 2³ என்பது 8, 3² என்பது 9. அடியும் சுட்டியும் இடம் மாறினால் விடையும் மாறிவிடும். அதனால் வலுவைத் திருப்பிக் கேட்க இரண்டு வழி இருக்கிறது. 8ஐயும் 3ஐயும் தந்து 2ஐக் கேட்டால் அது மூலம், அதாவது கனமூலம். 8ஐயும் 2ஐயும் தந்து 3ஐக் கேட்டால் அது மடக்கை. 'தலைகீழ் அடுக்கு' என்றவர் இதில் எதைச் சொல்கிறார்? அவருடைய பெயர் இரண்டுக்கும் பொருந்தும், அதனாலேயே ஒன்றுக்கும் உதவாது.

அந்தப் பிள்ளையிடம் கொப்பியில் ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னேன். "பாதியா மடி." இரண்டு படை. இன்னொரு தடவை, நாலு. இன்னொரு தடவை, எட்டு.

"மூண்டு தரம் மடிச்சா எத்தினை படை?"

"எட்டு சேர்."

"இது வலு. இப்ப நான் எட்டுப் படைத் தாளை உன்ர கையில தாறன். எத்தினை தரம் மடிச்சிருக்கு?"

"மூண்டு."

"அந்த மூண்டுதான் மடக்கை. ரெண்டு அடியில எட்டின் மடக்கை மூண்டு."

பிறகு வேறொரு தாளை ஒவ்வொரு தடவையும் மூன்றாக மடித்து, மூன்று தடவை மடித்து, 27 படையோடு கொடுத்தேன். "மூண்டு தரம் மடிச்சது, 27 படை. ஒருக்கா மடிக்கேக்க எத்தினையா மடிச்சனான்?" கொஞ்சம் யோசித்து "மூண்டா" என்றாள். அது கனமூலம். ஒரே தாள், மூன்று கேள்வி. எத்தனை படை என்றால் வலு, எத்தனை தடவை என்றால் மடக்கை, ஒரு தடவைக்கு எத்தனையாக என்றால் மூலம். −3 எழுதிய பையன் கேட்காமலே தன் விடையை வெட்டினான்.

மடிப்பு முழு எண்ணில்தான் வரும், ஆனால் மடக்கை எப்போதும் அப்படி வராது. அந்த இடத்தைத் தாண்ட எனக்கு உதவுவது குளம். ஆகாயத்தாமரை நம் பக்கத்துக் குளங்களில் பரவுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கணக்குக்காக இப்படி எடுப்போம்: இன்று ஒரு சதுர மீற்றர், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை இருமடங்காகிறது, குளம் 1000 சதுர மீற்றர். எப்போது மூடும்? ஒன்பது இருமடங்கில் 512, பத்தில் 1024. விடை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் இருக்கிறது, பத்துக்கு மிகக் கிட்ட. அட்டவணை அடி பத்தில்தான் இருக்கிறது, அதனால் 1000இன் மடக்கையான 3ஐ 2இன் மடக்கையான 0.3010ஆல் வகுக்கிறோம். 9.97 வருகிறது. இரண்டால் பெருக்கினால் 19.9 கிழமை. விடை சரியா என்று பார்க்க அந்த 512உம் 1024உம் போதும். 9க்கும் 10க்கும் வெளியே விடை வந்தால் எங்கோ பிழை.

அடுத்துக் கேட்பேன்: குளம் நாலு மடங்கு பெரிது, 4000 சதுர மீற்றர், இப்போது எவ்வளவு காலம்? நாலு மடங்கு காலம் என்று எண்பது கிழமை சொல்லாத வகுப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. உண்மையில் இரண்டு இருமடங்குதான் கூடும், நாலு கிழமை. பரப்பு நாலால் பெருகினால் மடக்கை இரண்டால் கூடுகிறது. பெருக்கல் கூட்டலாவது என்று நேப்பியர் தேடியது இதைத்தான். குளம் நிறையத் தொடங்கினால் செடிக்கு இடம் போதாது, இருமடங்காவது மெல்ல நின்றுவிடும், கணக்கும் அதோடு பொருந்தாமல் போகும். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் 30ஆவது கிழமைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

மொழிபெயர்ப்பவர்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். ஆங்கிலத்தில் பாடப்புத்தகம் தரும் வரைவிலக்கணத்தை எடுத்து, அதைச் சுருக்கிப் பெயராக்குகிறார்கள். வரைவிலக்கணம் பெயராகாது. சொல் ஏற்கெனவே இருக்கிறதா, பிள்ளை அதைக் கையால் தொட முடியுமா என்று பார்ப்பதில்லை. 'லொக்' என்று அப்படியே எழுதுகிறவர்களோடுகூட எனக்கு இவ்வளவு கோபமில்லை. அது ஒன்றும் சொல்லாது, ஆனால் பிழையாகவும் எதையும் சொல்லாது.

மடக்கைச் சொற்கள் எல்லாமே நல்லவை என்றும் நான் சொல்ல மாட்டேன். மடக்கையிலிருந்து எண்ணுக்குத் திரும்பிப் போவதை 'முரண்மடக்கை' என்கிறோம். மடித்த தாளை விரிப்பதில் என்ன முரண்? 'விரி' என்றே வைக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் உயர்தரத்தில் ஈருறுப்பு விரிவு அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறது, பிள்ளை அங்கே போய்க் குழம்பும். அதனால் கரும்பலகையில் முரண்மடக்கை என்றே எழுதுகிறேன், வாயால் "இப்ப தாளை விரி" என்று சொல்கிறேன்.