அற்றோணி வைத்திருப்பவர் ஏன் கொல்லவேண்டும்? வில்லனின் நோக்கத்தை பீற்றா வாசகர் சோதிக்கும் விதம்

திரில்லர் பிரதியை அச்சுக்குப் போக முன்னர் வாசிக்கும் பீற்றா வாசகர்கள், வில்லனைப் பற்றி அடிக்கடி எழுதியனுப்புவது “நோக்கம் காணாது” என்ற ஒற்றை வரியைத்தான். அதைக் கண்டதும் எழுத்தாளர் வில்லனுக்கு இன்னுமொரு துயரமான சிறுபராயத்தைச் சேர்த்துவிடுவார். பிரதி பத்துப் பக்கம் கூடும், நம்பிக்கை கூடாது.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். ரொறன்ரோவில் இருப்பவரின் கொக்குவில் வீட்டையும் எட்டுப் பரப்புக் காணியையும் அயலவர் ஒருவர் பராமரிக்கிறார். தன் சார்பில் காணி அலுவல்களைப் பார்க்கச் சொந்தக்காரர் எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவம் அவர் கையில் இருக்கிறது. சொந்தக்காரர் ஊருக்கு வந்த சில நாளில் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறார். கடைசிக்கு முதல் அத்தியாயத்தில் அயலவர் சொந்தக்காரரின் மகனிடம் வாய் திறக்கிறார்: “இந்தக் காணி எனக்கு வேணும். உங்கட அப்பர் என்ர அப்பரை முற்றத்தில வைச்சு அவமானப்படுத்தினவர்.”

அந்த வாக்குமூல அத்தியாயத்துக்கு முன்னால் வாசிப்பை நிறுத்திவிடவேண்டும். கொலை ஏன் நடந்தது என்று நீங்கள் நினைப்பதை ஒரே வாக்கியத்தில், திகதி போட்டு எழுதிவையுங்கள். முடிவைப் படித்தபிறகு இந்த வாக்கியத்தை எழுதமுடியாது. மனம் முதலே தெரிந்ததுபோலப் பாவனை பண்ணும். ஊகம் பிழைத்தாலும் குறையில்லை, திரில்லரில் பிழைக்கத்தான் வேண்டும். ஆனால் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு முன்பக்கங்களைப் புரட்டும்போது அதற்கு ஆதாரமாக ஒரு காட்சிகூட அகப்படாவிட்டால், நோக்கம் அந்தப் பேச்சுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது, கொலையால் வில்லனுக்கு என்ன கிடைக்கிறது என்று அவனுடைய இடத்திலிருந்து கணக்குப் பார்ப்பது. இந்தக் கதை சறுக்குவது இங்கேதான். அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அது செல்லாது. சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்வரைதான் அயலவர் அவருக்காகக் காணியை விற்று உறுதி முடிக்கலாம். இறந்த அன்றே அந்த அதிகாரம் போய், காணி உரித்தாளிகளைச் சேரும். ஆக, காணி வேண்டுமென்று கொன்றவன் காணிக்கான ஒரே வழியைத் தானே அடைத்துக்கொண்டான். வெளிநாட்டுக் காணியோடு கொஞ்சமாவது மாரடித்த யாழ்ப்பாண வாசகர் இதைப் பிடித்துவிடுவார். மற்றவர்களுக்குக் காரணம் தெரியாமல் எங்கோ இடறும்.

வில்லனுக்குச் சட்டம் தெரியாது என்று எழுத்தாளர் சமாளிக்கலாம். அப்படியானால் அந்த அறியாமை கொலைக்கு முன்பே ஒரு காட்சியில் தெரிந்திருக்கவேண்டும். பல வருடமாக நொத்தாரிசிடம் போய்வரும் ஆளாகக் காட்டிவிட்டு, கடைசியில் அறியாதவன் என்றால் எடுபடாது.

மூன்றாவது, “ஏன் இந்தக் கிழமை?” அவமானம் நடந்து நாற்பது வருடம். அவ்வளவு காலமும் கிடந்த கோபம் இன்று ஏன் கை நீட்டியது? இதைக் கண்டுபிடிக்க, வில்லன் வரும் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து, எந்த நாளில் அவனுக்கு என்னென்ன தெரியும் என்று கதையின் கால வரிசையில் எழுதுங்கள். இந்தப் பிரதியில் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன வரி கிடக்கிறது: பின்வளவில் இரண்டு பரப்பை அயலவர் ஏற்கெனவே விற்றுவிட்டார், காசு கனடாவுக்குப் போகவில்லை. மகளின் சீதனத்துக்குப் போயிருக்கிறது. சொந்தக்காரர் வந்து பின்வேலியைப் பார்த்தால் ஊரே அறிந்துவிடும். நோக்கம் இதுதான். எழுத்தாளர் கையில் வைத்துக்கொண்டே தவறவிட்டிருக்கிறார்.

இதிலும் ஒரு கேள்வி மிச்சம். கொல்லாமல் தப்ப வழியில்லையா? காலில் விழலாம், கடன்பட்டுக் காசைத் திருப்பலாம். இவற்றில் ஒன்றையாவது அவன் முயன்று தோற்பதை வாசகர் காணவேண்டும். வங்கியில் கை விரித்ததாக அரைப் பக்கக் காட்சி வந்தாலே நிலைமை மாறிவிடும். இங்கே ஒரு எல்லை உண்டு: வில்லன் செய்தது சரி என்று நமக்குப் படவேண்டியதில்லை. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை என்பது புரிந்தால் போதும்.

குறிப்பை எழுதும்போது நம்பிக்கை உடைந்த பக்கத்தையும் அப்போது மனதில் எழுந்த கேள்வியையும் மட்டும் கொடுங்கள். திருத்தம் எழுத்தாளருடைய வேலை. பீற்றா வாசகர் கொடுக்கும் மாற்றுக் கதை பெரும்பாலும் அவருக்குப் பிடித்த வேறு நாவலின் சாயலாகத்தான் இருக்கும். இந்தப் பிரதிக்கு இவ்வளவு போதும்: “பக்கம் 212: சொந்தக்காரர் இறந்தால் அற்றோணி செல்லாதே, பிறகு காணி எப்படி இவருக்கு வரும் என்று யோசித்து நின்றுவிட்டேன். பக்கம் 58இல் விற்ற இரண்டு பரப்புக்குப் பயந்துதான் கொன்றார் என்று நினைத்திருந்தேன். வாக்குமூலத்தில் அது வரவேயில்லை. அப்பரின் அவமானம் பக்கம் 212க்கு முன் எங்கும் இல்லை.”