கடற்கரைக் காலடியை அறைக்குள் பதிவு செய்வது

கடலூர் வெள்ளிக் கடற்கரையில் ஒரு குறும்படக் காட்சி எடுத்தோம். சேலை கட்டிய பெண் ஒருவர் வெறுங்காலோடு மணலில் நடந்து வருகிறார். கேமரா 4 மீட்டர் தள்ளி இருந்தது. படம் நன்றாக வந்தது, ஆனால் ஒலியில் அலையும் காற்றும்தான் இருந்தன, காலடி கேட்கவே இல்லை.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அரை மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குப் போனால் மூன்று இரட்டிப்பு, ஆக 18 டெசிபல் இழப்பு. அலையோசையோ கரை நீளத்துக்கும் பரவியிருப்பதால் அந்த அளவுக்குக் குறையாது. பிறகு ஒலியளவைக் கூட்டினால் அலையும் சேர்ந்தே ஏறும். அதனால் காலடியைப் படம் பார்த்துக்கொண்டே புதிதாக உண்டாக்கிப் பதிகிறார்கள். இதற்கு ஃபோலி என்று பெயர், யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை செய்த ஜாக் ஃபோலியின் நினைவாக.

வீட்டில் அகலமான பிளாஸ்டிக் டப்பில் சலித்த, உலர்ந்த மணலை ஒரு சாண் ஆழத்துக்குக் கொட்டினேன். முதல் முறை மிதித்தபோது ‘டொம் டொம்’ என்று கேட்டது. டப்பும் அதன் அடியில் இருந்த தரையும் சேர்ந்து அதிர்ந்ததால் வந்த சத்தம் அது. கோணிச் சாக்கை நான்காக மடித்து அடியில் போட்டதும் அடங்கியது.

அப்புறமும் ஏதோ பொய்யாகத் தெரிந்தது. காலை வைக்கும்போது மணல் அழுந்தும் ‘சரக்’ இருந்தது. காலை எடுக்கும்போது மணல் சரியும் மெல்லிய ‘ஸ்ஸ்’ இல்லை. நான் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்ததுதான் காரணம். குதிகாலில் தொடங்கி விரலால் மணலைப் பின்னுக்குத் தள்ளி எடுத்த பிறகுதான் அது நடை ஆனது.

இதைவிடப் பெரிய சிக்கல் அறை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சில மில்லி நொடிகளில் மைக்கை அடைகிறது. அதை வைத்தே நம் காது ‘இது நாலு சுவருக்குள்’ என்று கண்டுகொள்கிறது. கடற்கரையில் சுவர் ஏது? பதிவில் ஒட்டிக்கொண்ட எதிரொலியைப் பிறகு சுத்தமாகப் பிரிப்பது மிகக் கடினம். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘டிங்’ என்று ஒரு வால் கேட்டால் அந்த அறை ஆகாது. நான் மூன்று பக்கமும் மெத்தையும் போர்வையும் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, மைக்கைப் பாதத்திலிருந்து அரை மீட்டரில் வைத்தேன்.

சேலையின் சலசலப்பைத் தனியாகப் பதிந்தேன். முழங்காலுக்குக் கீழே துணி உரசும் சத்தம் மட்டும் போதும், அதுவும் காலடியைவிட நன்றாகத் தாழ்வாக.

கடைசியில் பொருத்தும் வேலை. நொடிக்கு 25 சட்டம், அதாவது ஃபிரேம், ஓடும் படத்தில் ஒரு சட்டம் 40 மில்லி நொடி. ஒலி சற்றுப் பிந்தினால் காது பொறுத்துக்கொள்ளும், முந்தினால் சட்டென்று உறுத்தும். இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தானே வருகிறது. அதனால் சந்தேகம் வந்த இடத்தில் அரைச் சட்டம் பின்னுக்கே தள்ளினேன். ஆளில்லாத நேரத்தில் கரையில் பதிந்திருந்த அலையோசையை மேலே போட்டு, காலடியின் உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் குறைத்ததும், அந்தப் பெண் 4 மீட்டர் தள்ளி நடந்து வந்தார்.